மெட்டு ஒரு சாட்சி, காட்சி ஒரு சாட்சி: ‘மால்குடி டேஸ்’ தலைப்பிசையை முன்வைத்து

1. கேள்வி

தொடரின் பெயர் தெரியாது. கதை தெரியாது. நடித்தவர் யாரென்று சொல்லத் தெரியாது. ஆனால் தொடக்கத்தில் ஒலித்த மெட்டை முணுமுணுக்க முடிகிறது. கூடவே இரண்டு மூன்று காட்சிகள் கண்ணில் நிற்கின்றன. 1980களில் தமிழகத்தில் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்களிடம் இத்தகைய நினைவு பரவலாக உண்டு. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது.

1982 ஆகஸ்டில் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பு தொடங்கியது. சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் முடிந்ததும் இரவு நேரம் தில்லியின் கைக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க உட்கார்ந்த குடும்பம், அதைத் தொடர்ந்து வந்த இந்தி நிகழ்ச்சிகளையும் பார்த்தது. வேறு அலைவரிசை கிடையாது. பெட்டியை அணைக்கவும் மனமில்லை. வசனம் புரியாத வீடுகளில் முகங்களும் இசையுமே மனதில் இறங்கின. தொடரின் பெயர் பெரும்பாலும் தேவநாகரியில் திரையில் வந்து போனது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத சிறுவருக்கு அது இன்னொரு கோட்டுச் சித்திரம். ஆகவே இந்த நினைவுகளில் பல, பெயர் மறந்துபோன நினைவுகளே அல்ல. பெயர் முதலிலிருந்தே சேமிக்கப்படவில்லை.

அப்படியானால், எஞ்சியிருக்கும் இரண்டு தடயங்களை, அதாவது தொடக்க மெட்டையும் நினைவில் நிற்கும் காட்சிகளையும், எந்த அளவுக்கு நம்பலாம்? அவற்றைக்கொண்டு மூலத்தை அடைய இயலுமா? பழைய தொலைக்காட்சி ஆர்வலர்களிடம் நிலவும் பொதுப் புரிதல், காட்சியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது. “யார் நடித்தார்கள்? வீடு எப்படி இருந்தது?” என்றே விசாரணை தொடங்கும். மெட்டு கூடுதல் ஆதாரமாக மட்டும் கொள்ளப்படும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. மெட்டு உறுதியான சாட்சி; ஆனால் அதற்குச் சொல்லத் தெரிந்தது குறைவு. காட்சி நிறையச் சொல்லும். ஆனால் வேறெங்கோ பார்த்ததையும் சேர்த்துச் சொல்லும். இருவரையும் ஒரே அறையில் வைத்து விசாரித்தால் ஒருவர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

2. மெட்டின் நினைவு எவ்வளவு துல்லியம்?

இசை பயிலாதவரின் நினைவில் மெட்டு மங்கலாகவே இருக்கும் என்று நினைக்கிறோம். ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. அவற்றுள் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது, 2003இல் கிளென் ஷெல்லன்பெர்க், சாண்ட்ரா ட்ரெஹப் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்டது. அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டதே தொலைக்காட்சித் தொடர்களின் தலைப்பிசையைத்தான். தினமும் ஒரே சுருதியில், ஒரே பதிவில் கேட்கப்படும் இசை அது. மேடைக் கச்சேரியிலோ பிறர் பாடியோ வேறு சுருதியில் கேட்கும் வாய்ப்பு குறைவு. கல்லூரி மாணவர்களுக்கு ஐந்து வினாடித் துணுக்குகளைப் போட்டார்கள். ஒன்று அசல் சுருதியில் இருக்கும். மற்றது ஒரு சுரத்தானமோ இரண்டு சுரத்தானமோ ஏற்றியோ இறக்கியோ வைக்கப்பட்டிருக்கும். எது அசல் என்று சொல்ல வேண்டும். இரண்டு சுரத்தான வேறுபாட்டில் சுமார் 70 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தன. ஒரு சுரத்தான வேறுபாட்டில் சுமார் 58 விழுக்காடு. குருட்டாம்போக்கில் சொன்னால் 50 வரும். அந்தத் தொடர்களைப் பார்த்திராதவர்களுக்கு இந்தத் திறன் இருக்கவில்லை. ஆக, பழக்கம்தான் சுருதியைப் பதிய வைத்திருக்கிறது.

வேகத்தின் நினைவு இதைவிடவும் உறுதியானது. டேனியல் லெவிட்டினும் பெர்ரி குக்கும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குப் பிடித்த பாடலை நினைவிலிருந்து பாடியவர்களின் முயற்சிகளில் 72 விழுக்காடு, அசல் பதிவின் வேகத்திலிருந்து 8 விழுக்காட்டுக்குள்ளேயே நின்றன.

இந்த முடிவுகளை அப்படியே நம் நிலைமைக்குப் பொருத்திவிட முடியாது. அங்கே பங்கேற்றவர்கள் அண்மையில் கேட்ட இசையைச் சொன்னார்கள். இங்கே நாம் பேசுவது முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய இசை. தவிர, ஷெல்லன்பெர்க்கின் சோதனை கேட்டு அடையாளம் காண்பது; நம்முடையது எதுவும் கேட்காமல் உள்ளிருந்து எடுத்துத் தருவது. இரண்டாவது கடினம். இருந்தும் ஒரு முடிவை ஏற்கலாம் என்று கருதுகிறேன்: முணுமுணுப்பவர் தரும் வேகத்தையும், மெட்டு ஏறி இறங்கும் வடிவத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. குறிப்பாக வடிவத்தை. டௌலிங் என்ற இசை உளவியலாளர் 1970களில் காட்டியபடி, புதிதாகக் கேட்ட மெட்டில் சுரங்களுக்கு இடையிலான சரியான தூரம் எளிதில் குழம்பும். எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்ற கோடு நிலைக்கும். பலமுறை கேட்ட மெட்டில் தூரமும் நிலைக்கிறது.

சுருதியைப் பொறுத்தவரை இன்னொரு எச்சரிக்கை தேவை. இந்தியத் தொலைக்காட்சி வினாடிக்கு 25 சட்டகங்கள் என்ற முறையில் ஓடியது. திரைப்படச்சுருளோ வினாடிக்கு 24 சட்டகங்கள். சுருளில் எடுத்ததைத் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது சட்டகத்துக்குச் சட்டகம் ஓடவிட்டால் எல்லாமே ஏறத்தாழ 4 விழுக்காடு விரைந்து ஓடும். ஒலியின் சுருதி முக்கால் சுரத்தானத்துக்குச் சற்றுக் குறைவாக உயரும். வீட்டு ஒலிநாடாக்களில் பதிந்தவை பதிவுக் கருவியின் வேகத்துக்கேற்பக் கூடுதலாகவும் குறைவாகவும் நகரும். எனவே நினைவில் உள்ள சுருதியும் இன்று கிடைக்கும் பிரதியின் சுருதியும் ஒரு சுரத்தானத்துக்குள் வேறுபட்டால், அதை வைத்து இது வேறு இசை என்று தள்ளிவிடக் கூடாது.

3. மெட்டை எழுதிக்கொள்வது

பெயர் தெரியாத மெட்டைத் தேடுவதற்கு அச்சிட்ட அகராதிகளே இருந்திருக்கின்றன. பார்லோ, மார்கன்ஸ்டர்ன் இருவரும் 1948இல் வெளியிட்ட மேற்கத்திய இசைக்கருக்களின் அகராதி, சுமார் பத்தாயிரம் மெட்டுகளை ஒரே சுருதிக்கு மாற்றி, சுர எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கியது. அதைப் பயன்படுத்த சுரம் பிரிக்கத் தெரிய வேண்டும். 1975இல் டெனிஸ் பார்சன்ஸ் இன்னும் எளிய வழியைக் கண்டார். முதல் சுரத்தைக் குறித்துக்கொள். அடுத்தது ஏறுகிறதா, இறங்குகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று மட்டும் எழுது. தூரம் வேண்டாம், தாளம் வேண்டாம், சுரப்பெயரும் வேண்டாம்.

நமக்கெல்லாம் தெரிந்த தேசிய கீதத்தில் இதைச் செய்து பார்க்கலாம். அதன் தொடக்கம் ஸ, ரி என்று ஏறி காந்தாரத்தில் நின்று அதையே திரும்பத் திரும்பத் தொடுகிறது. பார்சன்ஸ் முறையில் அது ஏறு, ஏறு, நில், நில், நில், நில் என்று போகும். ஒவ்வோர் அடிக்கும் மூன்று வாய்ப்புகள். பத்து அடிகள் எழுதினால் 59,049 வெவ்வேறு கோடுகள் சாத்தியம். நடைமுறையில் மெட்டுகள் இவற்றில் சமமாகப் பரவியிருக்காது. இருந்தாலும் ஒரு காலகட்டத்தின் தொலைக்காட்சித் தலைப்பிசைகள் சில நூறு மட்டுமே என்பதால், பத்துப் பன்னிரண்டு அடிகளே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கப் பெரும்பாலும் போதும்.

நம் இசைக்கு இந்த முறையைக் கொண்டுவரும்போது கமகம் இடைஞ்சலாகிறது. ஒரு சுரத்தை அசைத்துப் பாடினால், அது ஒரு சுரமா, மூன்று சுரங்களா? முணுமுணுப்பவர் அசைவை முழுக்கப் பாடினால் எழுதுபவர் ‘ஏறு, இறங்கு, ஏறு’ என்று மூன்று அடிகளைச் சேர்த்துவிடுவார். வேறொருவர் அதே இடத்தை நேராகப் பாடினால் ஒன்றுமே வராது. இதற்கு என் பரிந்துரை, தாளத்தின் எடுப்பான இடங்களில் விழும் சுரங்களை மட்டும் எழுதுவது. தலைப்பிசைகள் பெரும்பாலும் மெல்லிசைப் பாங்கில் அமைந்தவை, கமகம் குறைவு. எனவே இந்தச் சுருக்கம் அவற்றுக்குப் பெரிய சேதம் செய்வதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவர் ‘தொடக்கம்’ என்று முணுமுணுப்பது பதிவின் தொடக்கமாக இருக்க வேண்டியதில்லை. தலைப்பிசையில் முதலில் சில வினாடிகள் வாத்தியங்கள் களம் அமைக்கும். பிறகே மனதைப் பிடிக்கும் வரி வரும். நினைவு அந்த வரியையே தொடக்கமாக வைத்துக்கொள்ளும். ஆகவே ஒப்பிடும்போது பதிவின் முதல் வினாடியோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடுவது பெரும் பிழை.

கைப்பேசியில் பாட்டை ஒலிக்கவிட்டால் பெயர் சொல்லும் வசதியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஷசாம் நிறுவனத்தின் முறையை ஏவரி வாங் 2003இல் விளக்கி எழுதினார். ஒலியின் அதிர்வெண் படத்தில் மிக உயர்ந்து நிற்கும் புள்ளிகளை இணை இணையாக எடுத்து, அவற்றின் அதிர்வெண்களையும் இடைப்பட்ட நேரத்தையும் கைரேகைபோல் சேமித்து ஒப்பிடும் முறை அது. அது அடையாளம் காண்பது குறிப்பிட்ட ஒரு பதிவைத்தான், மெட்டை அல்ல. அதே மெட்டை நீங்கள் வாயால் பாடினால் அந்தப் புள்ளிகள் எதுவும் பொருந்தாது. அசல் பதிவே கையில் இருந்தாலும், இசைத்தட்டாகவோ ஒலிநாடாவாகவோ வெளிவராத தலைப்பிசை அந்தச் சேமிப்பில் இருக்க வாய்ப்பு குறைவு. நம் தேடலுக்கு அது கடைசிக் கட்டத்தில், இரண்டு பிரதிகள் ஒரே பதிவா என்று பார்க்கும் இடத்தில்தான் உதவும்.

4. காட்சி எங்கே தடுமாறுகிறது

காட்சி நினைவின் முதல் சிக்கல் நிறம். “கறுப்பு வெள்ளையில் வந்த தொடர்” என்று ஒருவர் சொன்னால், 1982க்கு முந்தையது என்று கொள்ளத் தோன்றும். வண்ண ஒளிபரப்பு அந்த ஆண்டில்தான் வந்தது. ஆனால் 1980களின் இறுதிவரை பெருவாரியான நடுத்தர வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. வண்ணத்தில் எடுத்த தொடரைச் சாம்பல் நிறத்தில் பார்த்தவர், சாம்பல் நிறத்திலேயே நினைவு வைத்திருப்பார். அவருடைய சாட்சியம் அவர் வீட்டுப் பெட்டியைப் பற்றியது. தொடரைப் பற்றியது அல்ல. காலத்தைக் கணிக்க நிறத்தைப் பயன்படுத்தவே கூடாது என்பேன்.

இரண்டாவது சிக்கல், கதைக்குள் வந்த காட்சி தலைப்புக் காட்சியாக இடம் பெயர்வது. தலைப்பு மெட்டைத் தொடருக்குள்ளும் மெதுவாக, வேறு வாத்தியத்தில் பின்னணியாக ஒலிக்க விடுவது இசையமைப்பாளர்களின் வழக்கம். அப்படி ஒலித்த இடத்தின் காட்சி மெட்டோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு மெட்டை நினைக்கும்போது அந்தக் காட்சி தலைப்பில் வந்ததாகவே தோன்றும்.

மூன்றாவது சிக்கல் நுட்பமானது: இசையும் காட்சியும் வெவ்வேறு மூலத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1993இல் தூர்தர்ஷன் இந்தியில் ஒளிபரப்பிய ‘ஜங்கிள் புக்’. மோக்லியும் ஓநாய்களும் வரும் அந்த வரைபடக் காட்சிகள் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989இல் உருவாக்கியவை. இந்தியக் குழந்தைகள் பாடித் திரிந்த தலைப்புப் பாடலோ இந்திய ஒளிபரப்புக்கென்றே குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்தது. இந்தப் பாடலை நினைவு வைத்திருக்கும் ஒருவர் காட்சியின் வழியே போய் ஜப்பானிய மூலத்தைக் கண்டுபிடித்தால், அங்கே முற்றிலும் வேறு பாடல் ஒலிக்கும். “இது அது அல்ல” என்று அவர் திரும்பிவிடக்கூடும். அவர் கண்டுபிடித்த தொடர் சரி. தேடிய பாடல் மட்டும் அங்கே இருக்க வழியில்லை. காட்சியின் தடத்தையும் மெட்டின் தடத்தையும் தனித்தனியே பிடித்து நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

5. ஒரு தேடல்: கோட்டோவியமும் தானனாவும்

இனி ஒரு நினைவை எடுத்து முழுமையாகப் பார்க்கலாம். 1970களின் நடுவில் தமிழகத்தில் பிறந்த ஒருவர் இப்படிச் சொல்வதாகக் கொள்வோம்: “பாட்டில் வார்த்தையே கிடையாது, தானனா தானனா என்று வரும். பேனாவால் வரைந்த படங்கள் வரும். ஒரு சின்னப் பையன். மழை. சின்ன ரயில் நிலையம். கறுப்பு வெள்ளை. இந்தியில்தான் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.”

பலருக்கு இப்போதே விடை தெரிந்திருக்கும். தெரியாதவர்போல நடந்து பார்ப்பதில்தான் முறையின் பலம் தெரியும்.

முதலில் மெட்டு. ‘வார்த்தையே கிடையாது’ என்ற கூற்றைச் சோதிக்க வேண்டும். இந்தி தெரியாதவருக்கு இந்திச் சொற்களும் காலப்போக்கில் தானனாவாகத் தேய்ந்துபோகும். 1988இல் தொடங்கிய ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரின் தலைப்பு, ரிக் வேதத்தின் படைப்புப் பாடலை எடுத்துக்கொண்டு வன்ராஜ் பாட்டியா இசையமைத்தது. சமஸ்கிருதமும் இந்தியும் அறியாதவர் அதை வெறும் குரலோசையாகவே நினைவு வைத்திருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. இடைவெளி விட்டு, வேறு வேறு நாளில், அவரை மீண்டும் முணுமுணுக்கச் சொல்ல வேண்டும். தேய்ந்துபோன சொற்களாக இருந்தால் அசைகள் ஒவ்வொரு முறையும் மாறும். மெட்டு நிலைத்தாலும் ஒருமுறை ‘லலலா’ என்றும் மறுமுறை ‘ஹூம்’ என்றும் வரும். உண்மையிலேயே அசைகளால் ஆன பாட்டாக இருந்தால் ‘தா’ வரும் இடத்தில் ‘தா’வும் ‘ன’ வரும் இடத்தில் ‘ன’வும் விடாமல் வரும். நம் சாட்சியிடம் அசைகள் நிலைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சொல்லுள்ள தலைப்புப் பாடல்களைக் கொண்ட தொடர்களை எல்லாம் ஒரேயடியாக ஒதுக்கிவிடலாம். ‘ராமாயண்’, ‘மகாபாரத்’ போன்றவை போயின. பட்டியல் மிகவும் சிறுத்துவிடுகிறது.

அடுத்து காட்சி. நிறத்தை ஒதுக்கிவிடுகிறோம். மழையும் ரயில் நிலையமும் கதைக்குள்ளிருந்து வந்தவையாக இருக்கலாம். அவற்றைத் தனியே வைக்கிறோம். மிஞ்சுவது பேனாக் கோட்டோவியம். அந்தக் கால இந்தியாவில் பேனாக் கோடு என்றதும் நினைவுக்கு வரும் பெயர் ஆர்.கே. லக்ஷ்மண். அவர் பெயரோடு பிணைந்த தூர்தர்ஷன் தொடர்கள் இரண்டு. ஒன்று, அவருடைய அண்ணன் ஆர்.கே. நாராயணின் கதைகளை வைத்து ஷங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’. அதன் தலைப்புக்கு லக்ஷ்மண் படம் வரைந்தார். மற்றது, 1988இல் தொடங்கிய ‘வாக்லே கி துனியா’. லக்ஷ்மணின் பாத்திரங்களை அடியொற்றி, குந்தன் ஷா இயக்கத்தில், அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் நடித்தது. ‘லக்ஷ்மண் படம் வரும் தொடர்’ என்ற குறிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போனவர் இங்கே வழி தவறலாம்.

இப்போதுதான் தனியே வைத்த காட்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டும். ‘வாக்லே’ மும்பையின் நடுத்தர வர்க்க ஊழியர் ஒருவரின் உலகம். சின்னப் பையனும் மழையும் சிறு ரயில் நிலையமும் அங்கே பொருந்துவதில்லை. ‘மால்குடி’யிலோ மூன்றும் பொருந்துகின்றன. நாராயணின் முதல் நாவலான ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ 1935இல் வந்தது. அதன் சிறுவன் சுவாமியாகத் தொடரில் மாஸ்டர் மஞ்சுநாத் நடித்தார். படப்பிடிப்பு நடந்தது கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில்; இந்தியாவின் மிக அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. ரயில் நிலையக் காட்சிகளுக்கு அதே மாவட்டத்தின் அரசாளு நிலையம் மால்குடி ஆயிற்று. பின்னாளில் ரயில்வே துறை அந்தப் பழைய கட்டடத்தைப் புதுப்பித்து மால்குடி அருங்காட்சியகமாக்கியது. ஆகவே சாட்சி சொன்ன மழையும் நிலையமும் பொய்யில்லை. இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது: கதையிலிருந்து தலைப்புக்கு.

இதுவரை வந்தது ஊகம். அதை உறுதியாக்க மீண்டும் மெட்டிடம் திரும்ப வேண்டும். தொடரின் பிரதி ஒன்றை எடுத்து, சாட்சி முணுமுணுத்ததை எழுதிய ஏறு-இறங்கு கோட்டைத் தலைப்பிசையின் குரல் வரியோடு அடியடியாக ஒப்பிட வேண்டும். எல்லா அடிகளும் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. வரியின் முடிவில் உள்ள அலங்காரத்தை நினைவு சுருக்கிவிடும். நடுவே திரும்ப வரும் பகுதியை ஒன்றாக்கிவிடும். ஆனால் பிழைகள் இந்த வகையில், அதாவது சுருக்கமாகவும் இணைப்பாகவும் மட்டும் இருக்க வேண்டும். ஏற வேண்டிய இடத்தில் தொடர்ந்து இறங்கினால் அது வேறு மெட்டு. எத்தனை காட்சிகள் பொருந்தினாலும் அப்போது தேடலை மீண்டும் தொடங்க வேண்டும்.

6. சொல் இல்லாத தலைப்பு ஏன்?

மால்குடியின் இசையமைப்பாளர் எல். வைத்தியநாதன். தந்தை வயலின் வித்வான் வி. லக்ஷ்மிநாராயணா, தம்பியர் எல். சுப்பிரமணியமும் எல். ஷங்கரும். குடும்பம் சில காலம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, 1958 கலவரத்துக்குப் பின் சென்னைக்கு வந்தது. வைத்தியநாதன் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். தமிழ் ரசிகர்கள் அவரை ‘ஏழாவது மனிதன்’ படத்தின் பாரதியார் பாடல்களால் அறிவார்கள்.

மால்குடியின் தலைப்பு ஏன் சொல்லின்றி அமைந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்களைக் கருதலாம். ஒன்று கலை சார்ந்தது. வைத்தியநாதன் சொல் இல்லாத இடத்தில் வேலை செய்யத் தெரிந்தவர். வசனமே இல்லாத ‘பேசும் படம்’ 1987இல் வந்தபோது அதற்கு இசை தந்தவரும் அவரே. மற்றது நடைமுறை சார்ந்தது. மால்குடி டேஸ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டது. சொல் இருந்தால் இரண்டு மொழிக்கும் இரண்டு பாட்டு வேண்டும். அசை என்றால் ஒன்று போதும். இரண்டாவது விளக்கமே வலுவானது என்று எனக்குப் படுகிறது. கலைக் காரணம் வைத்தியநாதனின் பிற படைப்புகளிலிருந்து நாம் பின்னோக்கிப் படிப்பது. மொழிக் காரணமோ அந்தத் தயாரிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்று: கன்னட நாட்டில் எடுக்கப்பட்டு, தமிழர் ஒருவர் இசையமைத்து, ஆங்கிலக் கதையை இந்தியில் பேசிய தொடர், இந்தி அறியாத வீட்டிலும் முழுமையாகப் பதிவானது அதன் தலைப்பில்தான். நம் சாட்சியின் தானனா சிதையாமல் வந்து சேர்ந்ததற்கும் அதுவே காரணம். அவர் புரியாமல் விட்டுவிட்ட சொல் எதுவும் அதில் இருக்கவில்லை.

7. பெயர் கிடைத்த பின்

தொடரின் பெயர் தெரிந்ததும் தேடல் முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இசையமைப்பாளர் பெயரை உறுதி செய்வதில்தான் அதிகப் பிழைகள் நிகழ்கின்றன. இதற்குச் சான்று திரையில் ஓடும் பெயர்ப்பட்டியல் ஒன்றுதான். அதிலும் எச்சரிக்கை தேவை. ‘இசை’ என்ற பொதுத் தலைப்பின் கீழ் வரும் பெயர் பின்னணி இசைக்கானதாக இருக்கலாம். தமிழ் நெடுந்தொடர்களில் தலைப்புப் பாடலுக்கு ஒருவர், பின்னணிக்கு இன்னொருவர் என்பது சாதாரணம். இரண்டு பெயர்களும் தனித்தனியே வரும். ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டால் பாட்டு வேறொருவர் கணக்கில் போய்விடும்.

ஒரே குடும்பத்தில் பலர் இசையமைத்தவர்களாக இருந்தால் குழப்பம் கூடும். ‘சுரபி’ என்ற தூர்தர்ஷன் நிகழ்ச்சியின் தலைப்பிசை எல். சுப்பிரமணியத்தினுடையது. ‘மால்குடி’யும் ‘சுரபி’யும் ஒரே தலைமுறையின் நினைவில் அருகருகே கிடக்கின்றன, இரண்டு இசையமைப்பாளர்களின் பெயரும் ‘எல்’ என்ற ஒரே எழுத்தில் தொடங்குகிறது. வாய்மொழியில் அண்ணனின் இசை தம்பிக்கும் தம்பியின் இசை அண்ணனுக்கும் மாறிப்போக அதிக முயற்சி தேவையில்லை.

பதிப்பும் கேள்விக்குரியது. ஷங்கர் நாக் 1990இல் மறைந்தார். 2006இல் கவிதா லங்கேஷ் இயக்கத்தில் மால்குடி கதைகள் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தன. 1990களில் பிறந்தவர் சொல்லும் மால்குடி, பழையதன் மறுஒளிபரப்பா, 2006 தொடரா என்று கேட்டுக்கொள்ளாமல் எதையும் ஒப்பிட முடியாது. குறுந்தகடுகளில் வந்தவை, இணையத்தில் ஏற்றப்பட்டவை எல்லாம் முதல் ஒளிபரப்பின் நேர்ப்பிரதிகள் என்று கொள்ளவும் வழியில்லை. தலைப்பு சுருக்கப்பட்டிருக்கலாம், உரிமைச் சிக்கலைத் தவிர்க்க வேகம் மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே கண்டறிந்ததை எழுதி வைக்கும்போது எந்தப் பிரதி, தலைப்பு எத்தனை வினாடி, பெயர்ப்பட்டியலில் என்ன எழுத்தில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைத் தவற விட்டால் திரும்பச் செய்யவே முடியாது. சாட்சியின் முணுமுணுப்பை, அசலைக் கேட்பதற்கு முன், ஒலியாகப் பதிவு செய்துவிட வேண்டும். அசலை ஒருமுறை கேட்டதும் பழைய நினைவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். பிறகு அவர் பாடுவது நேற்றுக் கேட்ட பதிவை. சுருதி சரியாக இருந்தது, வேகம் சரியாக இருந்தது என்று அதன்பின் சொல்லும் எதற்கும் ஆய்வு மதிப்பு இல்லை. ஷெல்லன்பெர்க்கும் லெவிட்டினும் அளந்ததைப் போல நாற்பதாண்டுப் பழைய தமிழ்ச் செவியின் நினைவை அளக்க விரும்புவோருக்கு, பெயர் தெரியாமல் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருப்பவர்களே வேண்டும். மால்குடிக்கு அத்தகையவர் இனிக் கிடைப்பது அரிது. இணையம் வந்த பிறகு அநேகமாக எல்லாருமே அதை மறுபடி கேட்டுவிட்டார்கள். எனவே பதிவைத் தொடங்க வேண்டியது, பிரதியே கிடைக்காத சென்னைத் தொலைக்காட்சி நாடகங்களின், வாராந்தரத் தொடர்களின் தலைப்பிசைகளிலிருந்து. அவற்றை முணுமுணுப்பவர்களுக்கு இப்போது ஐம்பதும் அறுபதும் ஆகின்றன.